உண்ணியும் தெள்ளும் பேனும் மூட்டையும்

மனிதரையும் அவர்தம் வீட்டு விலங்குகளையும் அண்டிக் குருதி குடித்து வாழும் சிற்றுயிர்களுக்குத் தமிழர் தனித்தனிப் பெயரிட்டு வழங்கியுள்ளனர். நாயின் காதோரத்தில் பாசிமணி போல் ஒட்டிக் கிடப்பது உண்ணி. மயிரிடையே விரைந்தோடி, கைபட்டவுடன் துள்ளி மறைவது தெள்ளு. மயிரைப் பற்றிக்கொண்டு அதனை விட்டு அகலாதிருப்பது பேன்; அப்பேனின் முட்டை ஈர். கட்டிலின் இடுக்கிலே பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவிலே வெளிப்படுவது மூட்டை. இந்நான்கையும் வேறுபடுத்தி வழங்கிய நம் முன்னோரின் நுண்ணோக்கு பாராட்டத்தக்கது. ஆயினும், இக்காலத்து நகரவாசிகள் பலர் இவை யாவற்றையும் ‘பூச்சி’ என்னும் ஒரே சொல்லால் குறித்து, எதற்கும் ஒரே மருந்தைத் தெளித்து, பயன் காணாது வருந்துகின்றனர்.

இந்நாளில் கைத்தொலைபேசியால் நிழற்படம் எடுத்தல் எவர்க்கும் எளிதாயிற்று. நாயின் மேலோ மெத்தையின் மேலோ கண்ட உயிரைப் படமெடுத்து, ‘இஃது யாது?’ என மிருக வைத்தியரையோ விலங்கியல் ஆசிரியரையோ வினவுவோர் பலராயினர். நற்படம் ஒன்று பல ஐயங்களைத் தீர்க்க வல்லது. ஆனால் அது தீர்க்கவல்லது எது, தீர்க்கமாட்டாதது எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தை நோக்கும் முறை

படத்தை நோக்குவோன் மூன்று வினாக்களைத் தனக்குள் எழுப்புதல் வேண்டும். கால்கள் எத்தனை என்பது முதல் வினா. உடல் எத்திசையில் தட்டையாயிருக்கின்றது என்பது இரண்டாவது. உயிர் எவ்விடத்தில் அகப்பட்டது என்பது மூன்றாவது. இவற்றோடு, பருமனை அறியும்பொருட்டு ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ அருகில் வைத்துப் படமெடுத்தல் இன்றியமையாதது. அளவுகோல் இல்லாத படத்தில் மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள பேனும் ஐந்து மில்லிமீற்றர் நீளமுள்ள மூட்டையும் ஒரே அளவினவாய்த் தோன்றி மயக்கம் தரும். உயிரை வெள்ளைத் தாளில் இட்டு, பகல் வெளிச்சத்திலே, மேலிருந்து ஒருமுறையும் பக்கத்திலிருந்து ஒருமுறையும் எடுத்தல் நன்று.

தெள்ளும் பேனும் மூட்டையும் பூச்சியினத்தைச் சேர்ந்தவை. ஆறு கால்களை உடையவை. உண்ணியோ சிலந்தியின் உறவினது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. முட்டையிலிருந்து அப்பொழுதே வெளிவந்த உண்ணிக் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்களே இருப்பதால், அதனைப் பூச்சியெனக் கொள்ளும் பிழை நேர்தல் கூடும். தலை, மார்பு, வயிறு எனப் பிரிவுபடாது ஒரே பையாய்த் தோன்றும் உடலே உண்ணியைக் காட்டிக் கொடுக்கும்.

ஏனைய மூன்றனுள், தெள்ளு பக்கவாட்டில் நசுங்கியது. இரு விரலுக்கிடையே அழுத்திப் பிடித்தாற் போன்ற மெல்லிய உடல் அதற்குண்டு. மயிர்க்காட்டினூடே புகுந்தோட அவ்வமைப்பு உதவுகின்றது. பேனும் மூட்டையும் மேலிருந்து அழுத்தினாற் போலத் தட்டையானவை. பேன் மயிரோடு ஒட்டிக் கிடப்பதற்கும் மூட்டை இடுக்கிலே நுழைவதற்கும் அவ்வடிவே ஏற்றது. எனவே உடலமைப்பைக் கண்டவன் அவ்வுயிரின் வாழ்விடத்தையும் ஒருவாறு அறிந்தவனாகின்றான்.

உண்ணி

கொழும்பில் நாய்களிடத்துப் பெரிதும் காணப்படுவது பழுப்பு நாயுண்ணி. குருதி குடியாத நிலையில் அது மூன்று மில்லிமீற்றர் அளவில் செம்பழுப்பாய் இருக்கும். குடித்து நிறைந்த பெண்ணுண்ணி ஒரு சென்ரிமீற்றர் வரை பருத்து, சாம்பல் நிறமுற்று, அவரை விதை போலத் தோன்றும். இவ்விரண்டையும் படத்திற் கண்டவர் அவை வெவ்வேறு உயிர்கள் என்றே எண்ணுவர்.

குருதி குடித்தபின் பெண்ணுண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரிலே ஏறி, வெடிப்பினுள் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறக்கின்றது. குஞ்சும் இளவுண்ணியும் தத்தம் பருவத்தில் ஒருமுறை நாய் மேலேறிக் குடித்து, மீண்டும் இறங்கி இடுக்கிலே தோலுரிக்கின்றன. ஆகவே நாயை மட்டும் கழுவிச் சுவரின் வெடிப்பை விட்டுவிடுவோன் பாதி வேலையே செய்தவனாவான். நாயின் உடலில் ஓர் உண்ணி கண்டால் கூட்டின் மூலையிலும் சுவரின் மேற்பாகத்திலும் பல உண்டு எனக் கொள்ளல் தகும்.

உண்ணியின் பொருள் நாயின் குருதி நோயே. செங்குருதி அணுக்களுள் புகுந்து அவற்றை அழிக்கும் பபேசியா, வெள்ளணுக்களைத் தாக்கும் ஏர்லிக்கியா என்னும் நுண்ணுயிர்களை உண்ணிகள் நாய்க்கு நாய் கடத்துகின்றன. உண்ணியின் படத்தைப் பெற்ற வைத்தியர் ‘நாய் உணவு கொள்கின்றதா? ஈறு வெளிறியுள்ளதா? சிறுநீர் கறுத்ததா?’ என உடனே வினவுவது இதனாலேயாம். நுண்ணுயிர் நாயின் உடலிற் புகுதற்கு உண்ணி சில மணி நேரமேனும் பற்றியிருத்தல் பெரும்பாலும் வேண்டுமாதலின், நாள்தோறும் தடவிப் பார்த்து அகற்றுதல் வீண் செயலன்று. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காது நேரே மெல்ல இழுத்தல் முறையாகும். மண்ணெண்ணெய் தடவுதலும் நெருப்பாற் சுடுதலும் உண்ணி தன் எச்சிலைக் காயத்துட் கக்கும்படி செய்தல் கூடுமாதலால் அவை விலக்கத்தக்கன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். நாய்க்கெனச் செய்த சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்திரின் என்னும் நஞ்சு உண்டு. நாய் அதனைத் தாங்கும், பூனை தாங்காது. நாயின் மருந்தைப் பூனைக்கு இட்டு, அது வலிப்புற்று இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன.

பேன்

பேன் தன் வாழ்நாள் முழுவதையும் ஓருடலிலேயே கழிக்கின்றது. முட்டையையும் மயிரின் அடியிலே பசையால் ஒட்டி வைக்கின்றது. பொடுகைத் தட்டினால் உதிரும், ஈர் உதிராது. படத்திலே மயிரின் ஒரு பக்கத்தில் நீர்த்துளி போல் ஒட்டியிருப்பது ஈர் எனத் துணியலாம்.

பேனின் பொருளை அறிய அதன் விருந்தோம்பியை அறிதல் போதும். நாயின் பேன் நாயிலும் மனிதரின் பேன் மனிதரிலுமே வாழும். பிள்ளையின் தலையிற் பேன் கண்டு வீட்டு நாயை வெறுப்பது அறியாமையாம். அப்பேன் வேறொரு பிள்ளையின் தலையிலிருந்தே வந்தது. உடலை விட்டு நீங்கிய தலைப்பேன் இரண்டொரு நாளுக்கு மேல் உயிர் வாழாதாதலின், தலையணையிற் கண்ட ஒரு பேனுக்காக மெத்தைக்கு மருந்து தெளித்தல் வேண்டா. ஈர்கொல்லி கொண்டு தலையை வாரி ஈரும் பேனும் நீக்குதலே வேண்டுவது. ஆடையின் தையல் ஓரத்தில் வாழும் உடற்பேன் ஒன்றே கொடிய நோயைப் பரப்ப வல்லது. தைபசுக் காய்ச்சலை அது கடத்துதலை 1909இல் தூனிசு நகரிலே சார்ல்சு நிக்கோல் நிறுவி, அதன் பொருட்டு 1928இல் நோபல் பரிசும் பெற்றார். நாள்தோறும் ஆடை மாற்றித் தோய்க்கும் மக்களிடத்து உடற்பேன் தங்காது.

மூட்டை

மூட்டையை நேரே கண்டு படமெடுப்பவர் சிலரே; அதன் சுவடுகளைப் படமெடுப்பவரே பலர். மெத்தையின் தையல் ஓரத்திலே மைப்பேனா முனையால் தொட்டாற் போன்ற கரும்புள்ளிகள், வெளிறிய தோலுரிகள், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வெண்முட்டைகள் ஆகியவையே அச்சுவடுகள். இளமூட்டை ஐந்துமுறை தோலுரித்தே வளர்ச்சி அடையும் ஆதலால், தோலுரிகள் பல அளவினவாய்க் கிடத்தல் பெருக்கம் நிகழ்வதற்குச் சான்றாகும். வளர்ந்த மூட்டை ஐந்து மில்லிமீற்றர் அளவில், ஆப்பிள் விதை போன்று செம்பழுப்பாய், முட்டை வடிவாய் இருக்கும். அது விலங்கின் உடலில் வாழ்வதன்று. பத்து நிமிட நேரத்துள் குடித்துவிட்டு இடுக்கிற்கு மீளும்.

மூட்டை நோயெதனையும் இயற்கையில் மனிதர்க்குக் கடத்துதல் இதுகாறும் நிறுவப்படவில்லை. அதன் பொருள் உறக்கக் கேடும் சொறியும் மனவுளைச்சலுமே. எனினும், அதனை ஒழித்தல் இந்நால்வகையுள் மிகக் கடினமானது. பல மாதம் உணவின்றி அது வாழும், மருந்தையும் தாங்கும். டி.டி.டி.யைத் தாங்கும் மூட்டைகள் ஹவாயித் தீவின் பேர்ள் துறைமுகத்திலே 1947இலேயே காணப்பட்டன. மலேரியாவுக்காக வீடுகள்தோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்ட இலங்கையிலும் அத்தகைய மூட்டைகள் பெருகின என்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே வெப்பமே நம்பத்தக்க துணை. விரிப்புகளை அறுபது பாகை செல்சியசு வெந்நீரில் தோய்த்தலும், கட்டிலைக் கழற்றிப் பொருத்துவாய்களில் கொதிநீர் ஊற்றுதலும் முட்டையையும் அழிக்கும். மெத்தையை வெயிலில் இடுதல் மேற்பாகத்தைச் சுடச் செய்யுமேயன்றி, உட்பாகத்தில் ஒளிந்தவற்றை எட்டாது. அவை நிழற்பக்கத்துக்கு நகர்ந்து பிழைக்கும்.

தெள்ளு

நாயிடத்தும் பூனையிடத்தும் காணப்படும் தெள்ளு இரண்டு மில்லிமீற்றர் அளவினது, செம்பழுப்பு நிறத்தது. அது குதித்து மறைதலின் படத்தில் அகப்படுவது அரிது. மயிரின் அடியிலே மிளகுத்தூள் தூவினாற் போன்ற கருந்துகள்களே பெரும்பாலும் படத்தில் விழும். அவை மண்ணா, தெள்ளின் எச்சமா என்பதைத் துணிய எளிய வழி ஒன்றுண்டு. துகளை ஈரமான வெள்ளைத் தாளில் இட்டுச் சிறிது நேரம் விட்டால், எச்சமாயின் சுற்றிலும் செந்நிறம் பரவும். ஏனெனில் அது காய்ந்த குருதியே. மண்ணாயின் அந்நிறம் தோன்றாது.

தெள்ளின் முட்டை மயிரில் ஒட்டாது, நாய் படுக்கும் இடங்களில் உதிர்கின்றது. புழுவாகி, மூத்த தெள்ளின் எச்சத்தை உண்டு, கூடு கட்டிக் கொள்கின்றது. கூட்டினுள் இருப்பது அதிர்ச்சியும் வெம்மையும் உணரும் வரை பல வாரங்கள், சிலவேளை மாதங்களும் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டிற் புகுந்தவரின் கால்களைத் தெள்ளுக் கூட்டம் மொய்ப்பது இதனாலேயாம். நாயும் சிறுபிள்ளையும் தெள்ளை விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரும். அரிசி மணி போன்ற அப்புழுத் துண்டுகள் நாயின் வாலடியில் காணப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

முகத்துவாரத்திலே ஒரு வீடு. பிள்ளையின் கைகளிலே தடிப்புகள். கட்டிலின் கீழே சாக்கில் உறங்கும் நாய். நாயே காரணமெனக் கருதி அதனை வெளியேற்ற வீட்டார் முடிவு செய்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களிடத்து இரு படங்கள் உள்ளன. ஒன்றில் மெத்தையின் மூலையிலே கரும்புள்ளிகளும் வெளிறிய தோலுரிகளும் தோன்றுகின்றன. மற்றொன்றில் நாயின் சாக்கிலே கருந்துகள்கள் தோன்றுகின்றன.

இரண்டும் கருமையாதலின் ஒன்றெனவே தோன்றும். ஆனால் முதற் படத்தின் புள்ளிகள் துணியில் ஊறிய கறைகள்; தட்டினால் உதிரா. அருகிலே தோலுரியும் உண்டு. ஆகவே அவை மூட்டையின் சுவடுகள். இரண்டாம் படத்தினவோ உதிரும் துகள்கள். ஈரத்தாளிற் செந்நிறம் காட்டினால் தெள்ளின் எச்சம் எனத் தெளியலாம். ஆக, அவ்வீட்டில் இரு தொல்லைகள் உள. நாயை வெளியேற்றினால் மூட்டை போகாது. தெள்ளும் உடனே போகாது. சாக்கில் உள்ள கூடுகளிலிருந்து வெளிப்படும் தெள்ளுகள் நாயைக் காணாது மனிதரையே கடிக்கும். செய்யத்தக்கது, கட்டிலை வெந்நீராலும், சாக்கைக் கொதிநீராலும், நாயை மிருக வைத்தியர் தரும் மருந்தாலும் தனித்தனியே நோக்குதலாம். தடிப்பின் உருவம் கொண்டு கடித்தது இன்னதெனத் துணிதல் இயலாது; ஒரே கட்டிலில் உறங்கும் இருவருள் ஒருவர்க்குத் தடிப்புத் தோன்றி மற்றவர்க்குத் தோன்றாமையும் உண்டு.

கொழும்புத் தெள்ளின் வரலாறு

தெள்ளு எனப் பெயர் கூறுவதோடு அறிவு முற்றுப்பெறாது என்பதைக் கொழும்பு நகரின் வரலாறே உலகுக்கு உணர்த்திற்று. 1896இல் பம்பாயிலே பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தோன்றி இந்தியாவெங்கும் பரவியது. 1898இல் பிரெஞ்சு வைத்தியர் சீமோன், எலியிலிருந்து எலிக்கு அந்நோயைக் கொண்டு செல்வது எலித்தெள்ளே எனச் சோதனையாற் காட்டினார். பம்பாயோடும் இரங்கூனோடும் இடையறாது கப்பற் போக்குவரத்து உடைய கொழும்பிலே எலிகளும் மிகுதி, எலித்தெள்ளுகளும் மிகுதி. அவ்வாறிருந்தும் 1914 வரை அந்நோய் இந்நகரில் வேர்கொள்ளவில்லை. சென்னை நகரும் பெரிதும் தப்பியிருந்தது. இதன் காரணம் யாது?

கொழும்பு நகரசபையின் நுண்ணுயிரியல் ஆய்வாளராய் விளங்கிய பேபியன் கேர்சுற்று என்பார், நகரத்து எலிகளின் தெள்ளுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். அக்காலத்தார் இந்தியாவின் எலித்தெள்ளு யாவும் கியோப்பிசு என்னும் ஒரே இனம் எனக் கருதினர். கொழும்பில் மிகுந்திருந்ததோ அதனை முற்றும் ஒத்த அசுற்றியா என்னும் பிறிதோர் இனம். கியோப்பிசை 1903இலும் அசுற்றியாவை 1911இலும் பெயரிட்டு விவரித்தவர் இங்கிலாந்தின் சார்ல்சு உரொத்சைல்டு ஆவார்.

1914இன் தொடக்கத்தில் பிளேக்கு கொழும்பை அடைந்தது. ஆனால் அது நகரெங்கும் ஒரே அளவிற் பரவாது, துறைமுகத்தை அடுத்த தானியக் களஞ்சியங்கள் நிறைந்த பகுதியையே பற்றி நின்றது. ஆங்குள்ள எலிகளிடத்தே கியோப்பிசுத் தெள்ளு இருந்தது. தானியத்தோடு கப்பலில் வந்திறங்கிய அவ்வினம் களஞ்சியங்களில் நிலைகொண்டது. ஏனைய பகுதிகளில் அசுற்றியாவே ஆட்சி செலுத்தியது. நோயின் எல்லையும் தெள்ளின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாயின.

இவ்விரண்டும் வேறுபடுதற்குக் காரணம் தெள்ளின் முன்னிரைப்பையில் உள்ளது. பிளேக்கு நுண்ணுயிர் அங்கே பெருகி, வழியை அடைத்துக் கொள்கின்றது என்பதைப் பேக்கொற்று, மார்ட்டின் என்னும் இருவர் 1914இல் வெளியிட்டனர். வழி அடைபட்ட தெள்ளு பசியால் மீண்டும் மீண்டும் கடிக்கின்றது. உறிஞ்சிய குருதி உட்செல்லாது, நுண்ணுயிரோடு கடிவாய்க்கே திரும்புகின்றது. கியோப்பிசு எளிதில் இவ்வாறு அடைபடும். அசுற்றியாவோ, கொழும்பைப் போன்று வெப்பம் மிக்க இடங்களில், நோயைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. கேர்சுற்று தம் ஆய்வின் பயனைப் பின்னர் 1953இல் பிளேக்கை வென்ற வரலாறு பற்றிய பெருநூலிலும் எடுத்துரைத்தார்.

படத்தின் எல்லை

கியோப்பிசையும் அசுற்றியாவையும் பிரித்தறிதற்கு இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியிற் காணுதல் வேண்டும். கைத்தொலைபேசிப் படம் எத்துணைத் தெளிவாயிருப்பினும் அதனைக் காட்டாது. இதுவே படத்தின் எல்லையாகும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே எடுத்த நற்படம் இவ்வெல்லைவரை செல்லும்: தலையின் கீழோரத்திலும் கழுத்தின் பின்னும் கரிய முட்சீப்புத் தோன்றினால் அது நாய் பூனைகளின் தெள்ளு, சீப்பு இல்லையாயின் எலித்தெள்ளாதல் கூடும்.

இலங்கையிற் பிளேக்கு இன்று இல்லை. எனினும், எலித்தெள்ளின் எச்சம் சொறிந்த தோலிற் படுதலால் வரும் எலித்தைபசுக் காய்ச்சல் முற்றும் அகன்றதன்று. ஆகவே எலி இறந்து கிடந்த வீட்டிலே சீப்பற்ற தெள்ளு காணப்பட்டு, உள்ளோர்க்குக் காய்ச்சலும் கண்டால், படத்தோடு நில்லாது அத்தெள்ளைச் சிறு போத்தலில் மதுசாரத்தில் இட்டு, கண்ட இடத்தையும் நாளையும் எழுதி, வைத்தியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். உண்ணியையும் அவ்வாறே பேணுதல் நன்று. பேனுக்கும் மூட்டைக்கும் படமே பெரும்பாலும் போதும். பேனுக்குச் சீப்பும் மூட்டைக்கு வெந்நீரும் என்பது இனத்தின் நுண்வேறுபாட்டால் மாறுவதில்லை.